பொறிவண்டின் பிள்ளைகளை நான் நசுக்கிய கதை



போன வாரம் எங்கள் மாடி அவரைப் பந்தலின் படத்தைப் போட்டிருந்தேன். "டீச்சர், இவ்வளவு சுத்தமா இருக்கே, என்ன மருந்து அடிக்கிறீங்க?" என்று பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள். திருச்செங்கோட்டுச் சித்தி போனே செய்துவிட்டார். "பொறிவண்டு பார்த்துக்கொள்கிறது" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை நம்பிச் சும்மா இருந்தால் உங்கள் அவரை போய்விடும். என் அவரை அப்படித்தான் இரண்டு வருடம் போனது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், கேள்வித்தாள் எல்லாம் தர மாட்டேன்.

2019இல் ஓய்வு பெற்று ராசிபுரத்து வீட்டோடு வந்துவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். 2020இல் ஊரடங்கு வந்தபோது மாடியில் நாற்பது பைகளில் தோட்டம் போட்டேன். கத்தரி, மிளகாய், தக்காளி, கொத்தவரை, ஆடியில் ஊன்றிய அவரை. நாமக்கல் பக்கம் கோழி எருவுக்குப் பஞ்சமா? மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டேன். செடிகள் கருகருவென்று வந்தன. கார்த்திகை கடைசியில் அவரை பூத்தது. ஒரு காலையில் பார்த்தால் கொழுந்தும் பூங்கொத்தும் மிளகைக் கொட்டி ஒட்டியது போலக் கறுப்பாக இருந்தன. அசுவினி.

கடையில் கேட்டேன். ஒரு மருந்து கொடுத்தார்கள். அடித்தேன். மூன்றாம் நாள் செடி சுத்தமானது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் வாரம் முன்னைவிட இரண்டு பங்கு அசுவினி. திரும்ப அடித்தேன், திரும்ப வந்தது. மாடியிலேயே தண்ணீர்த் தொட்டி, பேத்தி விளையாடுவது அந்தப் பைகளுக்கு நடுவில். காய் பறித்த பாத்திரத்தை மூன்று முறை கழுவிவிட்டு, சமைக்க மனம் வராமல் குப்பையில் கொட்டினேன். அன்றைக்கு நிறுத்தியதுதான் மருந்து.

அடுத்த வருடம் எல்லாம் கையால் என்று முடிவு. பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் கொழுந்து கொழுந்தாகத் தேய்த்தேன். அசுவினிக்கு நடுவில் வேறு ஒரு புழுவும் இருந்தது. கறுப்பு உடம்பு, மேலே வெளிறிய மஞ்சள் புள்ளிகள், ஆறு கால், அரிசி நீளம். குட்டி முதலை போல இருக்கும், வேகமாக நடக்கும். பார்க்கவே அருவருப்பு. இதுதான் பெரிய எதிரி என்று நினைத்து அதை முதலில் நசுக்கினேன். நாலு நாளில் முப்பதாவது இருக்கும்.

ஐந்தாம் நாள் படம் எடுத்து, வேளாண்மைத் துறையில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்திக்கு அனுப்பி, "இதுக்கு என்ன பண்ணலாம் கண்ணு?" என்று கேட்டேன். உடனே போன் வந்தது.

"டீச்சர், இதை ஒண்ணும் பண்ணாதீங்க. இது பொறிவண்டோட புழுங்க."

"பொறிவண்டு சிவப்பா, உருண்டையா இருக்குமே?"

"அது பெருசானப்புறம் டீச்சர். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டுன்னு நாலு கட்டம் போட்டு நீங்கதானே போர்டுல வரைவீங்க?"

வரைந்தேன். முப்பது வருடம் வரைந்தேன். எப்போதும் பட்டாம்பூச்சியை வைத்தே வரைந்ததால், அதே நாலு கட்டம் என் மாடியில் நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் போனை வைத்த பிறகு பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே வெகுநேரம் நின்றேன். அசுவினியைத் தின்ன வந்தவர்களைக் கொன்றுவிட்டு, அசுவினியோடு போராடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் மருந்தில்லாத் தோட்டத்தின் முதல் பாடம் ஆள் அடையாளம். அதை மட்டும் நன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கம் அதிகம் வருவது மாம்பழ மஞ்சள் நிறத்தில், முதுகில் கறுப்பு வளைகோடு ஓடும் சின்னப் பொறிவண்டு. இன்னொன்று ஆரஞ்சுச் சிவப்பில் குறுக்குப் பட்டைகளோடு இருக்கும். இரண்டுக்கும் முதுகு பளபளவென்று மின்னும். அசுவினிக் கூட்டத்தின் பக்கத்தில், இலையின் அடியில், நெல்மணியைச் சின்னதாக்கி நிமிர்த்து வைத்தது போல மஞ்சள் முட்டைகளைக் குவியலாக வைக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து நான் சொன்ன முதலைப் புழு வரும். எட்டுப் பத்து நாள் தின்றுவிட்டு, இலையில் வாலை ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். அது கூட்டுப்புழு. காய்ந்த சொட்டு என்று சுரண்டிவிடாதீர்கள். நாலைந்து நாளில் வண்டாகிப் பறக்கும். அதிகம் தின்பது புழுதான், அதிலும் கூட்டுப்புழு ஆவதற்கு முந்தைய கடைசி மூன்று நான்கு நாள். ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் சில நூறு அசுவினி காலி.

இரண்டாவது ஆள் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. வெளிர் பச்சை உடம்பு, தங்க நிறக் கண், உடம்பைவிட நீளமான இறக்கை, அதில் வலைபோல நரம்புகள். ராத்திரி டியூப்லைட் பக்கம் தடுமாறிக்கொண்டு வருமே, அதுதான். இதன் முட்டையைத்தான் எல்லோரும் பூஞ்சை என்று துடைத்துவிடுகிறார்கள். தலைமுடி மாதிரி ஒரு காம்பு, அதன் நுனியில் ஒரே ஒரு முட்டை. இப்படி ஐந்து, பத்து வரிசையாக நிற்கும். பொரிந்து வருகிற புழு, பக்கத்து முட்டையையே தின்னக்கூடிய அளவு பசிக்காரப் பயல். அதனால் தாய் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காம்பில் ஏற்றி வைக்கிறது, எறும்புக்கும் எட்டாது. புழு பழுப்பு நிறம், இரண்டு முனையும் கூம்பியிருக்கும், முகத்தில் அரிவாள் மாதிரி இரண்டு கொடுக்கு. அசுவினியைக் குத்திச் சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போட்டுவிடும். நம் வயல்களில் சாதாரணமாகப் பார்க்கும் வகையில், பெரிய பூச்சி வேட்டையாடாது. அதற்குத் தேனும் மகரந்தமும்தான் சாப்பாடு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

மூன்றாவது ஒரு வெள்ளைப் புழு. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால், அதற்கு நடுவில் மாவுப்பூச்சி போலவே மெழுகு இழைகளோடு சற்றுப் பெரிதாக ஒன்று திரியும். அதுவும் ஒரு பொறிவண்டின் புழுதான். 1898இல் காப்பித் தோட்டங்களுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த கிரிப்டோலேமஸ் என்ற வண்டின் புழு இப்படித்தான் இருக்கும், நம் ஊர்க் குட்டிப் பொறிவண்டுகள் சிலவற்றின் புழுவும் இப்படித்தான். சோதனை சுலபம். ஈர்க்குச்சியால் தொடுங்கள். மாவுப்பூச்சி கிடந்த இடத்திலேயே கிடக்கும் அல்லது மெல்ல நகரும். இது விடுவிடுவென்று ஓடும். ஓடுவதை விட்டுவிடுங்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். பொறிவண்டு என்றாலே நல்லவர் என்று நினைத்துக் கத்தரிச் செடியில் வந்ததையும் விட்டுவைத்து ஏமாந்தேன். கத்தரி, பாகலில் வரும் புள்ளி வண்டு அதே குடும்பம், ஆனால் இலையைத் தின்னும். முதுகு செம்பழுப்பு, மங்கலாக இருக்கும், உற்றுப் பார்த்தால் மெல்லிய ரோமம் தெரியும், புள்ளிகள் நிறைய இருக்கும், சிலவற்றில் இருபத்தெட்டு வரை. அதன் புழு மஞ்சள், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள், நகர்வதே தெரியாது. இலையின் பச்சையைச் சுரண்டி நரம்பை மட்டும் சல்லடை மாதிரி விட்டிருக்கும். முட்டை மட்டும் நல்ல பொறிவண்டின் முட்டை போலவே இருக்கும். அசுவினியே இல்லாத கத்தரி இலையின் அடியில் மஞ்சள் முட்டைக் குவியல் இருந்தால் இதனுடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இலையை மட்டும் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும்.

சரி, ஆள் தெரிந்துவிட்டது. 2022இல் நான் எதையும் நசுக்கவில்லை, அடிக்கவில்லை. அப்படியும் அவரையின் முதல் பூப்பு முழுக்கக் கொட்டிப்போனது. ஏன்?

காரணம் நாள் கணக்கு. அசுவினி முட்டையிட்டுப் பொரிக்கிற சோலியே நம் ஊரில் வைத்துக்கொள்வதில்லை. ஆண் இல்லாமலே பெண் அசுவினி நேராகக் குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போட ஆரம்பிக்கும். பொறிவண்டோ அசுவினி பெருகிய வாசனையில்தான் வந்து சேரும். வந்து, முட்டையிட்டு, பொரிந்து, புழு வளர்ந்து, நன்றாகத் தின்னும் வயதுக்கு வர இரண்டு வாரம். அதற்குள் பூ போய்விடுகிறது. விருந்தாளி வந்த பிறகு உலை வைப்பது போல. ஆக, பொறிவண்டை வரவழைப்பது பாதி வேலை. அவரையில் அசுவினி வரும் முன்பே அது மாடியில் குடியிருக்க வேண்டும். அவரை பூக்காத நேரத்தில் அது எதைத் தின்று குடியிருக்கும்?

இதற்கும் மாணவிதான் வழி சொன்னாள். "ரெண்டு பையில சோளம் போடுங்க டீச்சர்."

சோளத்திலும் மக்காச்சோளத்திலும் வரும் அசுவினி புல் குடும்பத்தில் மட்டும் வாழ்வது. குருத்துக்குள் அடை அடையாக இருந்தாலும் பக்கத்து அவரைக்கோ, மிளகாய்க்கோ, கத்தரிக்கோ தாவாது. பொறிவண்டுக்கு மட்டும் அந்த அசுவினி இந்த அசுவினி என்ற பேதம் கிடையாது. வயலில் வரப்போரம் தட்டைப்பயறு போடச் சொல்வதும் இதே யோசனைதான். ஆனால் தட்டைப்பயற்றில் வரும் கறுப்பு அசுவினியே அவரைக்கும் வரும். வயல் அகலத்துக்கு அது சரி, நம் மாடியில் இரண்டு அடி தள்ளித்தானே அவரை இருக்கிறது. அதனால் மாடிக்குச் சோளம்.

நான் செய்வது இது. புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு பையில் பத்து சோள விதை. மூன்று வாரம் கழித்து இன்னொரு பையில் பத்து. முதல் பை முற்றும்போது அடுத்தது இளசாக இருக்கும். இந்தப் பைகளுக்கு எதுவும் தெளிக்கக் கூடாது, வேப்பெண்ணெய்க் கரைசல்கூட. குருத்தில் அசுவினி வந்தால் சந்தோஷப்படுங்கள். இப்படி ஒரு வேண்டுகோளை நான் வைப்பேன் என்று நானே நினைக்கவில்லை. அசுவினி வந்து ஒன்றிரண்டு வாரத்தில் வளைகோட்டு வண்டு வந்துவிடும். மழை மிகுந்த வருடத்தில் தாமதமாகலாம்.

அடுத்தது பூ. கண்ணாடி இறக்கைப் பூச்சிக்குத் தேனும் மகரந்தமும் வேண்டும் என்றேனே, அதற்குத்தான். சின்னஞ்சிறு பூ, தேன் ஆழத்தில் இல்லாத பூ வேண்டும். கொத்தமல்லியைப் பறிக்காமல் விட்டால் ஐம்பது நாளுக்குள் குடை குடையாகப் பூக்கும். சோம்பும் அப்படியே. இருபது நாளுக்கு ஒரு முறை ஒரு பிடி கொத்தமல்லி விதை தூவுகிறேன். கொஞ்சம் சமையலுக்கு, மிச்சம் பூவுக்கு. எங்கள் மாடியில் காம்பு முட்டையை நான் முதலில் பார்த்தது கொத்தமல்லிப் பூக்குடைக்குக் கீழேதான். அடுத்து துணிக்கொடிக் கயிற்றில்! அன்று முதல் துணி காயப்போடும் முன் கண்ணாடி போட்டுக்கொண்டு கயிற்றைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பேத்திக்கு அதில் என்னைவிடக் கண் கூர்மை.

இத்தனைக்கும் மேல் ஒரு இடைஞ்சல் உண்டு, எறும்பு. அசுவினி விடும் இனிப்பான கழிவுக்காக எறும்பு அதை மாடு மாதிரி மேய்க்கும். பொறிவண்டுப் புழு வந்தால் கடித்துத் தள்ளும், முட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். எறும்பு ஏறும் செடியில் பொறிவண்டு வந்தாலும் தங்காது. எனவே எறும்பின் வழியை அடைக்க வேண்டும். நம் பாட்டிமார் பலகாரம் வைக்கும் அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதே முறை. பைகளை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, கால்களில் பிளாஸ்டிக் டேப் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவினேன். தண்ணீர்க் கிண்ணமும் வைக்கலாம், ஆனால் வாரத்துக்கு ஒரு முறை கொட்டிக் கழுவாவிட்டால் கொசு வளரும். கிரீஸில் தூசி படிந்தால் எறும்பு அதன் மேலேயே நடந்து போகும், மாதம் ஒரு முறை புதிதாகத் தடவுங்கள்.

இவ்வளவும் செய்து எறும்பு நிற்கவில்லை. இரண்டு நாள் பின்தொடர்ந்து பார்த்தேன். அவரைக் கொடி ஒன்று நீண்டு துணிக்கொடியைப் பிடித்திருந்தது. எறும்புகள் கைப்பிடிச் சுவர், கயிறு, கொடி என்று மேம்பாலத்தில் போய்க்கொண்டிருந்தன. கொடியைத் திருப்பிக் கட்டினேன், இரண்டு நாளில் செடியில் எறும்பு இல்லை. எறும்பு நின்றால் மட்டுமே மற்றது எல்லாம் வேலை செய்யும் என்பது என் அனுபவம்.

கோழி எருவையும் பாதியாகக் குறைத்தேன். தழைச்சத்து மிகுந்தால் கொழுந்து இளசாக, சாறு நிறைந்து வரும், அசுவினிக்கு அது கல்யாணச் சாப்பாடு. நன்கு மக்கிய எருவை மாதம் ஒரு கைப்பிடி என்று வைத்துக்கொண்டேன்.

2023 கார்த்திகையில் நடந்ததை என் குறிப்பேட்டிலிருந்து தருகிறேன். வாத்தியார் புத்தி, பத்துக் கொழுந்தில் நூல் கட்டி எண் போட்டு, அதை மட்டும் பார்த்து எழுதினேன்.

முதல் நாள், பத்தில் மூன்று கொழுந்தில் கறுப்பு அசுவினி. எறும்பு இல்லை. சோளத்தில் ஏற்கெனவே வண்டும் புழுவும் இருந்தன. மிக மோசமாக இருந்த ஒரு நுனியை மட்டும் கிள்ளித் தண்ணீரில் போட்டேன், மற்றதைத் தொடவில்லை.

நான்காம் நாள் ஐந்து கொழுந்து. இரண்டு இலையடியில் மஞ்சள் முட்டை. அன்று மாலையே முதல் பைச் சோளத்தை அடியோடு அறுத்து அவரைத் தூரில் சாய்த்து வைத்தேன். சோளம் வாட வாட அதிலிருந்த புழுக்கள் நடந்து அவரையில் ஏறின. டார்ச் அடித்துப் பார்த்தோம், பதினொன்று என்று பேத்தி எண்ணினாள்.

எட்டாம் நாள் ஆறு கொழுந்து. கை பரபரத்தது. "அடிச்சிரலாமா?" என்று என் வீட்டுக்காரரே கேட்டார். ஆனால் உற்றுப் பார்த்தால் கூட்டத்தில் பாதி வெறும் வெள்ளைத் தோல். சில அசுவினிகள் உப்பிப் பழுப்பாக, செத்து ஒட்டியிருந்தன. அவை ஒரு சிறு குளவி உள்ளே முட்டை வைத்தவை, அதுவும் நம் கட்சி. எண்ணிக்கை கூடினாலும் அசையும் அசுவினி குறைவாக இருந்தால் இன்னும் நாலு நாள் பொறுக்கலாம்.

பன்னிரண்டாம் நாள் நான்கு கொழுந்து. பதினேழாம் நாள் ஒன்று. இலைகளில் கூட்டுப்புழுக்கள். முதல் பூப்பில் கால்வாசி போயிருக்கும், மிச்சம் காயானது. அந்த வருடம் தை முடியும்வரை வாரம் இரண்டு முறை பறித்தோம்.

எட்டாம் நாளில் புழுவோ, முட்டையோ, வெள்ளைத் தோலோ எதுவுமே இல்லாமல் அசுவினி மட்டும் கூடியிருந்தால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. அப்போது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். அப்படியும் அடங்காத நுனிகளுக்கு மட்டும் சோப்பு, வேப்பெண்ணெய்க் கரைசல். செடி முழுக்க அடித்தால் மெல்லிய உடம்புள்ள நல்ல புழுக்களும் செத்துவிடும். என் முதல் வருட மருந்து செய்ததும் இதுதான். தின்பவர்களைக் கொன்றது, தப்பிய அசுவினி கேட்பாரில்லாமல் பெருகியது.

சித்திரை, வைகாசி பற்றியும் சொல்ல வேண்டும். சேலம் வெயிலில் நம் மொட்டை மாடியின் சூடு உங்களுக்குத் தெரியும். அசுவினி அநேகமாகப் போய்விடும், அதோடு பொறிவண்டும் போய்விடும். மாவுப்பூச்சி மட்டும் செம்பருத்தியிலும் கத்தரியிலும் கொண்டாட்டமாக வரும். இந்த இரண்டு மாதமும் மாடியைக் காலி செய்துவிடாமல், வடகிழக்கு மூலையில் பச்சை வலைக்குக் கீழே கறிவேப்பிலை, எலுமிச்சை, ஒரு பை மக்காச்சோளம், பூத்த கொத்தமல்லி இவற்றை நெருக்கமாக வைக்கிறேன். பைகளின் மேல் சருகு மூடாக்கு. கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர், இதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஆடியில் பார்த்தால் கொஞ்சம் பேராவது மிச்சம் இருக்கிறார்கள்.

இனி, இதனால் ஆகாதவை. கத்தரிக் காய்ப்புழு காய்க்குள் இருப்பது, அதைப் பொறிவண்டு தொடாது. பாகலில் வரும் பழ ஈக்கும் இது மருந்தல்ல. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பூச்சியையும் இவை மட்டும் சமாளிக்க முடியாது. அதற்கு நம் மரவள்ளிக் காடுகளே சாட்சி. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி, நம் பக்கம் பரவி மரவள்ளியை எப்படி வெளுத்து வைத்தது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பொறிவண்டுகள் அதைத் தின்னத்தான் செய்தன, ஈடுகொடுக்க முடியவில்லை. 2010இல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூரு ஆராய்ச்சி நிலையம் வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவியை வயல்களில் விட்ட பிறகே அது அடங்கியது. அது அந்த ஒரு மாவுப்பூச்சியைத் தேடிப்போய் முட்டை வைக்கும் கடுகளவுக் குளவி. 2020இல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டு இங்கேயும் வந்த மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் அப்படியே. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த குளவியை 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில்தான் விட்டார்கள். பொறிவண்டு கிடைத்ததைத் தின்னும் பொதுவான காவல்காரர். குறிப்பிட்ட திருடனைப் பிடிக்கத் தனி ஆள் வேண்டியிருக்கிறது. மாடியில் பப்பாளி வைத்து மாவுப்பூச்சி வந்தால், கண்ட மருந்தை அடித்து அந்தக் குளவியையும் கொன்றுவிடாதீர்கள்.

"பொறிவண்டை விலைக்கு வாங்கி விடலாமா அத்தை?" என்று மருமகன் ஒருவர் கேட்டிருந்தார். விடலாம், மாவுப்பூச்சிக்குக் கிரிப்டோலேமஸ் வளர்த்துக் கொடுக்கிறார்கள். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையும் அட்டையில் ஒட்டிக் கிடைக்கும். ஆனால் தின்ன ஒன்றுமில்லாத மாடியில் விட்டால் அன்றே பறந்துவிடும், எறும்புள்ள மாடியில் முட்டை அட்டை வைத்தால் எறும்புக்குத்தான் பலகாரம். முதலில் எறும்பை நிறுத்துங்கள், சோளமும் பூவும் வையுங்கள். பெரும்பாலும் வாங்க வேண்டியே வராது. எனக்கு வரவில்லை.

ஒரு வருடத்தில் முடிகிற காரியம் இல்லை இது. எனக்கு 2022இல் முழுப் பூப்பும் போனது, 2023இல் கால்வாசி போனது, போன வருடம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. இனி ஒரு அசுவினியும் வராது என்று நான் சொல்ல மாட்டேன், அசுவினியே இல்லாவிட்டால் இவர்களும் இருக்க மாட்டார்கள்.

வரும் புரட்டாசிக்குச் சோள விதை வேண்டுபவர்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு பிடி தருகிறேன். செடியில் தெரியாத புழு எதைப் பார்த்தாலும், நசுக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எனக்குத் தெரியாவிட்டால் என் மாணவியிடம் கேட்டுச் சொல்கிறேன். அவள் இப்போது எனக்கு டீச்சர்.

பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர், ராசிபுரம்